632-ல் பிரிந்தார்களா, 657-லா? சுன்னி, ஷியா, இபாதி பற்றி ஒரு சந்தேகம்

கணேசன்_திருச்சி:
நண்பர்களே, எங்கே படித்தாலும் ஒரே வரிதான் இருக்கிறது. 632-ல் நபிகள் நாயகம் காலமானார், அடுத்த தலைவர் யார் என்ற சண்டையில் சுன்னி, ஷியா என்று இரண்டாகப் பிரிந்தார்கள். சரி என்றுதான் முதலில் தோன்றுகிறது. தேதிகளை அடுக்கிப் பார்த்தால் இடிக்கிறது. அபூபக்கர் தலைவரானார், கொஞ்சம் தாமதமாக நபியின் மருமகன் அலியும் ஏற்றுக்கொண்டார். அப்புறம் உமர், உஸ்மான். 656-ல் அலியே கலீஃபா ஆகிவிட்டார். யாருக்குப் பதவி வரவில்லை என்று வருத்தமோ அவருக்கே பதவி வந்த பிறகு விவகாரம் முடிந்திருக்க வேண்டாமா? அப்படியானால் பிரிவு உண்மையில் எப்போது நடந்தது? யாருடைய நம்பிக்கையையும் குறை சொல்ல வரவில்லை, வரலாறு தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ரஃபீக்_மேலப்பாளையம்:
பாய், இதில் குழப்பமே இல்லை. நபி (ஸல்) வஃபாத்தான அன்றே மதீனாவில் பனூ சாஇதா கூட்டத்தாரின் பந்தலில் எல்லாம் முடிவாகிவிட்டது. அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு எல்லோரும் பைஅத், அதாவது தலைவராக ஏற்கும் உறுதிமொழி, செய்தார்கள். ஷியா என்பதெல்லாம் பின்னால் பெர்சியர்கள் கொண்டுவந்தது. அவர்களுக்கு அரசபரம்பரை வழக்கம், அதனால் நபியின் வாரிசுதான் ஆள வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் ஈரான்தானே ஷியா நாடு.

கம்பம்_செல்வி:
எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிவாசல் ஹனஃபி, இன்னொன்று ஷாஃபி என்பார்கள். கூட வேலை செய்யும் அக்கா ராவுத்தர் குடும்பம், அவர் ஹனஃபியாம். ஷாஃபி என்று சொல்வது ஷியாவைத்தானா? அப்புறம், எங்கள் தாத்தா ஊரில் மொகரத்துக்கு எல்லோரும் சேர்ந்து பூக்குழி இறங்குவார்கள், கை மாதிரி ஒன்றை அலங்கரித்து ஊர்வலம் வரும். அல்லாசாமி பண்டிகை என்றுதான் சொல்வோம். இறங்குவதில் பாதிப் பேர் இந்துக்கள். அதற்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தம் உண்டா?

பழையஏடு:
செல்வி, முதலில் உங்களுக்கு. ஷாஃபி வேறு, ஷியா வேறு. ஹனஃபி, ஷாஃபி இரண்டுமே சுன்னிக்குள் இருக்கும் சட்டப் பள்ளிகள். தொழுகையில் கையை எங்கே கட்டுவது, எப்போது உயர்த்துவது போன்றவற்றில் வித்தியாசம் இருக்கும். தலைமைச் சண்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் தாத்தா ஊர்ப் பண்டிகைக்குத்தான் நேரடித் தொடர்பு. அது 680-ல் கர்பலாவில் கொல்லப்பட்ட, அலியின் மகனும் நபியின் பேரனுமான ஹுசைனின் நினைவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரஃபீக் பாய் சொன்னதில் பாதி சரி. பந்தலில் கூட்டம் நடந்தது உண்மை. ஆனால் அங்கே நடந்தது அலிக்கும் அபூபக்கருக்கும் இடையிலான போட்டி இல்லை. கூட்டத்தைக் கூட்டியவர்கள் மதீனாவாசிகளான அன்சாரிகள். கஸ்ரஜ் குலத்தலைவர் ஸஅத் இப்னு உபாதா உடம்பு சரியில்லாமல் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவரைத் தலைவராக்கத்தான் ஏற்பாடு. செய்தி கேட்டு அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் ஓடினார்கள். “எங்களில் ஓர் அமீர், உங்களில் ஓர் அமீர்” என்றுகூட அன்சாரிகள் பக்கம் பேசிப் பார்த்தார்கள். நபியின் குலமான குறைஷியர் தவிர வேறு யாருக்கும் அரபுக் குலங்கள் கட்டுப்படாது என்றார் அபூபக்கர். கஸ்ரஜ் தலையெடுத்தால் தங்கள் கதி என்ன என்று மதீனாவின் இன்னொரு குலமான அவ்ஸுக்கும் பயம். சத்தம் கூடியபோது உமர் சட்டென்று அபூபக்கரின் கையைப் பிடித்து பைஅத் செய்துவிட்டார்.

அந்த நேரத்தில் அலி நபியின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த வீட்டில் இருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இதைச் சொல்ல ஷியா நூல்களுக்குப் போக வேண்டியதில்லை. சுன்னிகளின் முதன்மையான ஹதீஸ் தொகுப்பான புகாரியிலேயே உமரின் ஒரு குத்பா, பிரசங்கம், இருக்கிறது. அபூபக்கருக்கு நடந்த பைஅத் யோசிக்க நேரமில்லாமல் திடீரென்று நடந்த காரியம், அதன் கேட்டிலிருந்து அல்லாஹ் காப்பாற்றினான், இனி யாரும் ஆலோசனை இல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள் என்று அவரே மிம்பரில், பள்ளிவாசல் மேடையில், நின்று சொன்னார். நபியின் மகளும் அலியின் மனைவியுமான ஃபாத்திமா இறக்கும் வரை, சுமார் ஆறு மாதம், அலி பைஅத் செய்யவில்லை என்பதும் புகாரியில் இருப்பதுதான். ஸஅத் இப்னு உபாதா கடைசி வரை செய்யாமலே சிரியாப் பக்கம் போய் இறந்தார் என்கிறார்கள். அவர் பெயரில் எந்தப் பிரிவும் உருவாகவில்லை, கவனியுங்கள்.

ஆக கணேசன் கேட்டது நல்ல கேள்வி. 632-ல் மனக்கசப்பு இருந்தது, மதப்பிரிவு இல்லை.

ஜஹ்ரா_சென்னை:
நான் ஷியா, ஆயிரம் விளக்குப் பக்கம். “632-ல் பிரிவு இல்லை” என்று பழையஏடு ஐயா முடித்துக்கொண்டதை ஏற்க மாட்டேன். எங்கள் பார்வையில் விஷயம் பந்தலில் தொடங்கவில்லை. மூன்று மாதம் முன்னால், கடைசி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், கதீர் கும் என்ற இடத்தில் நபி (ஸல்) கூட்டத்தை நிறுத்தி அலி (அலை) அவர்களின் கையை உயர்த்தி, “நான் யாருக்கு மவ்லாவோ அலியும் அவருக்கு மவ்லா” என்றார்கள். துல்ஹஜ் 18. நாங்கள் அதை ஈத் ஆகவே கொண்டாடுகிறோம். அதைக் கேட்டவர்களில் சிலர் அன்றிலிருந்தே அலியோடு நின்றார்கள். சல்மான், அபூதர், மிக்தாத், அம்மார். எண்ணிக்கை குறைவு என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்று. ரஃபீக் பாய், பெர்சியர் கதையை விடுங்கள். ஆரம்ப ஷியாக்கள் ஈராக்கின் கூஃபாவில் இருந்த அரபிகள். ஈரானின் கும் நகரமே கூஃபாவிலிருந்து போன அரபுக் குடும்பங்களால்தான் ஷியா நகரமானது. ஈரான் முழுக்க ஷியாவானது 1501-ல் சஃபவி அரசு வந்த பிறகு. அதற்கு முன் அங்கே பெரும்பான்மை சுன்னி.

ரஃபீக்_மேலப்பாளையம்:
சஃபவி விஷயம் சரி சகோதரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதீர் கும் ஹதீஸை நாங்களும் மறுப்பதில்லையே, எங்கள் ஹதீஸ் தொகுப்பான திர்மிதியிலேயே இருக்கிறது. அங்கே மவ்லா என்றால் நேசர், ஆட்சியாளர் இல்லை. யமனில் அலி (ரலி) மீது படைவீரர்கள் சிலர் குறைபட்டார்கள், அதற்குப் பதிலாகச் சொன்னது. ஆட்சியை ஒப்படைப்பதாக இருந்தால் பந்தலில் ஒருவராவது அதை எடுத்துச் சொல்லியிருக்க மாட்டாரா?

ஜஹ்ரா_சென்னை:
சொல்ல வேண்டியவர்கள் ஜனாஸா, இறுதிச்சடங்கு வேலையில் இருந்தார்கள் பாய். அதுதான் எங்கள் குறையே.

பழையஏடு:
இது இங்கே தீராது. 1,400 வருடமாகத் தீரவில்லை. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். ஒரே கலீஃபாவின் பின்னால் வரிசையில் நின்று தொழுதவர்கள், ஒருவரை ஒருவர் முஸ்லிமே இல்லை என்று சொல்லும் நிலைக்கு முதன்முதலில் எப்போது வந்தார்கள் என்று பார்த்தால், அது 657, ஸிஃப்பீன். அங்கே முதலில் தனியாகப் பிரிந்தவர்கள் ஷியாவும் இல்லை, சுன்னியும் இல்லை. கவாரிஜ்கள்.

656-ல் உஸ்மானை எகிப்து, கூஃபா, பஸ்ராவிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர்கள் வீட்டை முற்றுகையிட்டுக் கொன்றார்கள். உறவினர்களுக்கே பதவி கொடுத்தார் என்பது அவர்களுடைய முக்கியமான குற்றச்சாட்டு. அடுத்து அலிக்கு மதீனாவில் பைஅத் நடந்தது. கொன்றவர்களில் பலர் அவர் படையிலேயே இருந்தார்கள். சிரியாவின் ஆளுநர் முஆவியா உஸ்மானின் உறவினர். முதலில் கொலைகாரர்களை ஒப்படையுங்கள், அப்புறம் பைஅத் பற்றிப் பேசலாம் என்றார். உஸ்மானின் ரத்தம் தோய்ந்த சட்டையை டமாஸ்கஸ் பள்ளிவாசலில் மாட்டி வைத்தார்கள். கணவரைத் தடுக்கப் போய் மனைவி நாயிலாவுக்கு வெட்டுப்பட்ட விரல்களும் அதோடு இருந்தன என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் தொழ வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். கணேசன், “அலிக்குப் பதவி வந்த பிறகும் ஏன் சண்டை” என்பதற்கு இதுதான் பதில். அடுத்த தலைவர் யார் என்பதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. தலைவர் தவறு செய்தால் அவரைக் கொல்லலாமா, கொன்றவன் குற்றவாளியா நியாயவானா?

மஸ்கட்_முருகன்:
குறுக்கே வருகிறேன். ஓமானில் வேலை. என் மேலதிகாரி இபாதி. கையைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவார். நான் ரொம்ப நாள் அவரை ஷியா என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டதற்கு, நாங்கள் சுன்னியும் இல்லை ஷியாவும் இல்லை என்றார். பழையஏடு சொல்லும் கவாரிஜ்களின் மிச்சம்தான் இபாதிகள் என்று எங்கோ படித்தேன். அதை அவரிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. ஏன்?

பழையஏடு:
நல்ல இடத்தில் கேட்டீர்கள் முருகன். ஸிஃப்பீனைச் சொல்லி முடித்தால்தான் அது புரியும்.

சிரியாவில் யூப்ரடீஸ் கரையில், ரக்காவுக்குப் பக்கத்தில், 657 ஜூலையில் பெரும் சண்டை. அலியின் தளபதி மாலிக் அல்அஷ்தர் எதிரி முகாமை நெருங்கும் நேரத்தில் முஆவியாவின் ஆட்கள் குர்ஆன் ஏடுகளை ஈட்டி முனையில் கட்டி உயர்த்தினார்கள். நமக்குள் இதுவே தீர்ப்பு சொல்லட்டும் என்றார்கள். இது தந்திரம், நிறுத்தாதீர்கள் என்றார் அலி. அவர் படையிலேயே குர்ஆன் ஓதுவதில் பேர் பெற்ற பக்திமான்கள் பலர் மறுத்தார்கள். அல்லாஹ்வின் வேதத்துக்கு அழைக்கும்போது எப்படிப் போரிடுவது என்று அலியை மிரட்டாத குறைதான். அஷ்தரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அப்புறம் இரு பக்கமும் ஆளுக்கு ஒரு நடுவர். முஆவியாவுக்கு அம்ர் இப்னுல் ஆஸ். அலி தன் பக்கம் இப்னு அப்பாஸை நிறுத்த நினைத்தார், விடவில்லை. அபூ மூஸா அல்அஷ்அரிதான் வேண்டும் என்று சொந்தப் படையே பிடிவாதம் பிடித்தது. அவர் முன்பு அலிக்காகப் போருக்குப் போகாதீர்கள் என்று கூஃபாவாசிகளைத் தடுத்தவர்.

ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தார்கள். “அமீருல் முஃமினீன் அலி”, நம்பிக்கையாளர்களின் தலைவர் அலி, என்று எழுத்தர் தொடங்கியதும் எதிர்ப் பக்கம் நிறுத்தியது. அப்படி ஒத்துக்கொண்டால் நாங்கள் ஏன் போரிடப்போகிறோம், பெயரையும் தகப்பன் பெயரையும் மட்டும் எழுதுங்கள் என்றார்கள். அழிக்காதீர்கள், அழித்தால் பதவி திரும்ப வராது என்று அஹ்னஃப் இப்னு கைஸ் எச்சரித்தார். அலி அழிக்கச் சொன்னார். 628-ல் ஹுதைபியா ஒப்பந்தம் எழுதும்போது மக்கத்தார் கேட்டதற்காக “அல்லாஹ்வின் தூதர்” என்ற சொல்லை நபியே அழிக்கச் சொன்னார்களே என்பது அவர் காட்டிய முன்மாதிரி.

அந்தத் தாளை அஷ்அஸ் இப்னு கைஸ் அணி அணியாகப் படித்துக் காட்டிக்கொண்டே போனார். தமீம் குலத்தார் இருந்த இடத்துக்கு வந்தபோது உர்வா என்பவர், “அல்லாஹ்வின் விஷயத்தில் மனிதர்களையா நீதிபதி ஆக்குகிறீர்கள்?” என்று கத்தி, வாளால் அஷ்அஸின் வாகனத்தையே வெட்டினார். “லா ஹுக்ம இல்லா லில்லாஹ்”, தீர்ப்பு அல்லாஹ்வுக்கே என்பது அவர்கள் முழக்கமானது.

அவர்கள் வாதம் வெறும் வெறி இல்லை. கலகம் செய்யும் கூட்டம் அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும் வரை அதனோடு போரிடுங்கள் என்று குர்ஆனின் 49-வது அத்தியாயம் ஏற்கனவே சொல்லிவிட்டது. வேதம் தீர்ப்புச் சொன்ன விஷயத்தில் அம்ரும் அபூ மூஸாவும் உட்கார்ந்து என்ன முடிவு செய்யப்போகிறார்கள்? மத்தியஸ்தத்துக்கு அலியை நெருக்கியவர்களில் பலரே இப்போது, நாங்கள் பாவம் செய்துவிட்டோம், தவ்பா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம், நீங்களும் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் காஃபிர் என்றார்கள். அலி சொன்ன பதில் பிரபலம். சொல் உண்மை, அதை வைத்து நாடுவது பொய்.

கூஃபாவுக்குப் பக்கத்தில் ஹரூராவில் ஒதுங்கினார்கள். ஒரு முறை பேசித் திரும்ப வைத்தார் அலி. மறுபடி பிரிந்து தங்களுக்கென ஓர் அமீரைத் தேர்ந்தெடுத்து நஹ்ரவானில் கூடினார்கள். அந்த அமீர் குறைஷி இல்லை. பந்தலில் 632-ல் முடிவான “குறைஷிதான்” என்ற விதி முதன்முதலில் உடைந்தது இங்கேதான். தகுதி இருந்தால் அபிசீனிய அடிமைகூடத் தலைவராகலாம், பெரும்பாவம் செய்தால் கலீஃபாவானாலும் இறக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. 658-ல் அலி அவர்களைப் போரில் தோற்கடித்தார். 661-ல் அவர்களில் ஒருவரான இப்னு முல்ஜம் கூஃபா பள்ளிவாசலில் அலியை வெட்டினார்.

முருகன், உங்கள் அதிகாரியின் முகம் மாறியதற்குக் காரணம், கவாரிஜ் என்றால் மற்ற முஸ்லிம்களைக் காஃபிர் என்று கொன்ற தீவிரக் கூட்டம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். பஸ்ராவில் அதே வேரிலிருந்து வந்த மிதவாதிகள் இருந்தார்கள். மற்ற முஸ்லிம்களோடு சேர்ந்து வாழலாம், மணம் செய்யலாம், காரணமில்லாமல் வாளெடுக்கக் கூடாது என்றவர்கள். இபாதிகள் அந்த வழி. தலைவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், வம்சம் முக்கியமில்லை என்பதை மட்டும் விடவில்லை. ஓமானின் உள்நாட்டில் நிஸ்வாவை மையமாக வைத்து இமாம்களைத் தேர்ந்தெடுத்து ஆண்டார்கள்.

மஸ்கட்_முருகன்:
நிஸ்வா கோட்டைக்குப் போயிருக்கிறேன். பேரீச்சம்பழம் வாங்கத்தான் போனேன், இதெல்லாம் தெரியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்பதா, நஹ்ரவான் பற்றிக் கேட்பதா?

ரஃபீக்_மேலப்பாளையம்:
நஹ்ரவானைக் கேட்காதீர்கள் தம்பி. வேலை முக்கியம்.

கணேசன்_திருச்சி:
பிரமாதம் ஐயா. ஆனால் இதில் ஷியா எங்கே? அலியோடு கடைசி வரை நின்றவர்களெல்லாம் ஷியாதானா?

பழையஏடு:
அப்போது “ஷீஅத்து அலி” என்றால் அலியின் கட்சி, அவ்வளவுதான். எதிர்ப் பக்கத்துக்கு உஸ்மானின் கட்சி என்று பெயர். அலியின் பக்கம் நின்றவர்களில் அபூபக்கரையும் உமரையும் மதித்தவர்கள் ஏராளம். பின்னாளில் இவர்களில் பலரின் வழியைச் சுன்னிகளே சொந்தம் கொண்டாடுகிறார்கள். கட்சி எப்படி மார்க்கமானது என்பதை ஜஹ்ரா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஜஹ்ரா_சென்னை:
கட்சி, மார்க்கம் என்று நான் பிரிக்க மாட்டேன். ஆனால் கர்பலா இல்லாமல் நாங்கள் இல்லை, அது உண்மை. 

அலியின் மூத்த மகன் ஹசன் (அலை) 661-ல் முஆவியாவோடு சமாதானம் செய்துகொண்டு ஒதுங்கினார். முஆவியா தன் மகன் யஸீதை வாரிசாக்கினார். கூஃபாவாசிகள் மூட்டை மூட்டையாக ஹுசைனுக்குக் கடிதம் எழுதினார்கள், வாருங்கள், எங்களுக்கு இமாம் இல்லை என்று. அவர் முன்னால் அனுப்பிய பெரியப்பா மகன் முஸ்லிம் இப்னு அகீலுக்கு ஆயிரக்கணக்கானோர் பைஅத் செய்தார்கள். ஆளுநர் இப்னு ஸியாத் வந்து மிரட்டியதும் ஒரே சாயங்காலத்தில் எல்லோரும் கலைந்து, இப்னு அகீல் வழி காட்டக்கூட ஆளில்லாமல் தெருவில் நின்றார். அவரைக் கொன்றார்கள். 680-ல், ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10, ஹுசைனும் கூட இருந்த எழுபத்திரண்டு பேரும் தண்ணீர் மறுக்கப்பட்ட நிலையில் கொல்லப்பட்டார்கள். யஸீத் பக்கத்துப் படைக்குத் தளபதி யார் தெரியுமா? உமர் நியமித்த ஆறு பேர் ஆலோசனைக் குழுவில் இருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸின் மகன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. கடிதம் எழுதிவிட்டு வராமல் இருந்த கூஃபாக்காரர்களுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. சுலைமான் இப்னு ஸுரத் என்ற முதியவர் தலைமையில் தவ்வாபூன், தவ்பா செய்தவர்கள் என்று ஒரு படை திரண்டது. பெயர் கொடுத்தவர்கள் 16,000, வந்தவர்கள் சுமார் 4,000 என்கிறார்கள். முதலில் ஹுசைனின் கப்ருக்கு, அடக்கம் செய்த இடத்துக்கு, போய் இரவும் பகலும் அழுதார்கள். பிறகு 685 ஆரம்பத்தில் சிரியப் படையோடு மோதி அநேகமாக எல்லோரும் மடிந்தார்கள். வெல்லப் போகவில்லை, கணக்குத் தீர்க்கப் போனார்கள். செல்வி, உங்கள் தாத்தா ஊர் ஊர்வலத்துக்கும் எங்கள் மஜ்லிஸில், துக்கக் கூட்டத்தில், மார்பில் அடித்து அழுவதற்கும் மூலம் அங்கே இருக்கிறது. ஊர்வலத்தில் வரும் அந்தக் கைக்குப் பஞ்சா என்று பெயர். ஐந்து விரலும் நபி, ஃபாத்திமா, அலி, ஹசன், ஹுசைன்.

கம்பம்_செல்வி:
ஐந்து விரலுக்கு இவ்வளவு பேரா! அம்மாவிடம் சொல்கிறேன். பூக்குழி எதற்கு?

ஜஹ்ரா_சென்னை:
அது மார்க்க நூலில் இல்லை அக்கா. இந்த மண்ணில் வேண்டுதல் என்றாலே பூக்குழி, அது இதிலும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

கணேசன்_திருச்சி:
அப்படியானால் ஷியாக்களுக்குள்ளும் பல பிரிவு இருப்பது?

பழையஏடு:
அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால். ஒவ்வோர் இமாம் இறந்ததும், அடுத்தவர் யார்? 740-ல் ஹுசைனின் பேரன் ஸைத் கூஃபாவில் கிளர்ந்தெழுந்தார். அபூபக்கர், உமர் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். அவர்களைத் திட்ட மாட்டேன் என்றார். ஒரு பகுதி விலகிப் போய்விட்டது. நின்றவர்கள் வழி ஸைதிகள். அவர்களுடைய இமாம்கள் யமனில் 1962 வரை இருந்தார்கள். அபூ ஹனீஃபாவும் ஸைதுக்குப் பணம் கொடுத்து உதவினார் என்று சொல்லப்படுகிறது. எல்லைகள் அப்போது எவ்வளவு தளர்வாக இருந்தன என்று பாருங்கள்.

765-ல் ஜஅஃபர் அஸ்ஸாதிக் இறந்தபோது மூத்த மகன் இஸ்மாயீலின் வழியா, மூஸாவின் வழியா என்று பிரிந்தது. முன்னது இஸ்மாயீலிகள், அதில்தான் நம்மூர் போரா வணிகர்கள் வருகிறார்கள். பின்னது பன்னிரண்டு இமாம் ஷியா. 874-ல் பதினோராவது இமாம் இறந்தபின், பன்னிரண்டாமவர் மறைந்திருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை.

ரஃபீக்_மேலப்பாளையம்:
அப்ப சுன்னி மட்டும்தான் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் நடு மரம், மற்றதெல்லாம் கிளை, சரிதானே?

பழையஏடு:
அதுதான் இல்லை பாய், கோபப்படாதீர்கள். நான்கு கலீஃபாக்களையும் வரிசையாக ஏற்பது இன்று சுன்னிக்கு அடையாளம். ஆனால் முஆவியாவின் குலமான உமையாக்களின் ஆட்சியில் மிம்பரிலிருந்தே அலியை ஏசினார்கள், பின்னால் வந்த உமையா கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ்தான் நிறுத்தினார். ஹதீஸ் அறிஞர்களிலேயே சிரியா, பஸ்ராப் பக்கம் சிலர் அபூபக்கர், உமர், உஸ்மான் என்று மூன்றோடு நிறுத்தினார்கள். கூஃபாவில் சிலர் உஸ்மானைவிட அலியை மேலே வைத்தார்கள். நான்காவதாக அலியைச் சேர்ப்பதை உறுதியாக நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் அஹ்மத் இப்னு ஹன்பல். அவர் இறந்தது 855. நடந்ததில் யாரையும் ஏசாமல், நபியின் தோழர்களான எல்லா ஸஹாபாக்களையும் மதித்து, சமூகம் உடையக் கூடாது என்பதே அந்த நிலைப்பாடு. கவாரிஜ் முதலில், ஷியா அடுத்து, சுன்னி என்ற தெளிவான வடிவம் கடைசியில் என்றுதான் நான் வரிசைப்படுத்துவேன்.

ரஃபீக்_மேலப்பாளையம்:
பெயர் பின்னால் வந்திருக்கலாம், வழி முன்பே இருந்தது. இதில் நான் இறங்க மாட்டேன்.

ஜஹ்ரா_சென்னை:
இதில் மட்டும் நான் ரஃபீக் பாய் கட்சி. எங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

கணேசன்_திருச்சி:
ஒன்றே ஒன்று. அந்த இரண்டு நடுவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள்?

பழையஏடு:
பரவலான கதை இது. இருவரையும் நீக்கிவிடலாம் என்று தனியாகப் பேசிவைத்தார்கள். அபூ மூஸா முதலில் எழுந்து அலியை நீக்கிவிட்டேன் என்றார். அம்ர் அடுத்து எழுந்து, அவர் நீக்கியவரை நானும் நீக்குகிறேன், முஆவியாவை நிலைநிறுத்துகிறேன் என்றார். கதை ரொம்பக் கச்சிதமாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம். அப்போது முஆவியா கலீஃபா என்று உரிமை கோரவே இல்லை, ஆளுநர்தான். எந்தப் பதவியில் நிலைநிறுத்துவது? சந்தித்த இடத்தையே சிலர் தூமத்துல் ஜந்தல் என்கிறார்கள், சிலர் அத்ருஹ் என்கிறார்கள். இரண்டு முறை கூடினார்கள் என்போரும் உண்டு. முதல் கூட்டத்தில் உஸ்மான் அநியாயமாகக் கொல்லப்பட்டார் என்று முடிவு செய்தார்கள் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் முஆவியாவுக்கு அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

மஸ்கட்_முருகன்:
கேட்டுவிட்டேன் ஐயா. நஹ்ரவான் பற்றி இல்லை, இமாம் தேர்தல் பற்றி. அரை மணி நேரம் பேசினார், டீ வேறு. இமாமை இறக்கவும் எங்களுக்கு வழி இருந்தது, அதையும் உன் நண்பர்களுக்கு எழுது என்றார். எழுதிவிட்டேன்.